உஷார்! டோட்டல் வந்துவிட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள்

கணக்கில் தப்பு நடந்தால் எக்செல் எப்படியும் கத்திக் காட்டிக் கொடுத்துவிடும் என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். கத்தாது. வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய தொகைகள் விஷயத்தில் அது வாயே திறப்பதில்லை. பத்து வரியில் நான்கை மட்டும் கூட்டிவிட்டு, பத்தையும் கூட்டியது மாதிரி பளிச்சென்று ஒரு டோட்டலைக் காட்டும். நாமும் அதை நம்பி பேங்குக்கு அனுப்புவோம், பார்ட்டிக்கு போன் போடுவோம், முதலாளியிடம் நீட்டுவோம்.

திருமுடிவாக்கம் சிட்கோவில் சின்னச் சின்ன யூனிட்டுகளின் கணக்கு அறைகளுக்குள் மாதக் கடைசியில் எட்டிப் பார்த்தால் இந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும். லேத், பிரஸ், பவுடர் கோட்டிங் என்று எந்த ஜாப் ஒர்க்காக இருந்தாலும் சரக்கு போவது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் பக்கம் உள்ள பெரிய கம்பெனிகளுக்கு. அவர்களில் ஒருவர் பேமென்ட் விவரத்தை வெண்டர் போர்ட்டலில் போடுவார், இன்னொருவர் பி.டி.எஃப். அனுப்புவார், மூன்றாமவர் மெயிலிலேயே நாலு வரி தட்டிவிடுவார். இங்கே இருக்கும் அக்கவுண்டன்ட் அத்தனையையும் காப்பி செய்து ஒரே ஷீட்டில் ஒட்டுவார். தொகையோடு ₹ வரும், Rs. வரும், காற்புள்ளி வரும், கண்ணுக்கே தெரியாத இடைவெளியும் கூடவே வரும். கணக்கைக் கெடுப்பவை இவைதான்.

உதாரணத்துக்கு ஆறே வரி எடுத்துக்கொள்வோம். ஒரு பார்ட்டியிடமிருந்து நமக்கு வர வேண்டிய பாக்கி. ஐந்து வரி பில், ஒரு வரி ரிஜெக்ஷனுக்கு அவர்கள் போட்ட டெபிட் நோட், அதாவது கழிக்க வேண்டிய தொகை. ஒட்டியதும் திரையில் தெரிவது இது:

```
B2   48500
B3   ₹ 1,12,750.00
B4   Rs.500/-
B5   36,250.00
B6   8,400.00-
B7   22,600.00
```

கையால் கூட்டினால் 2,12,200 ரூபாய். `=SUM(B2:B7)` போட்டால் வருவது 84,750.

ஏன்? இந்த ஆறில் எக்செல்லுக்கு எண்ணாகத் தெரிவது இரண்டே இரண்டுதான். B2, B5. மற்ற நான்கும் அதன் கண்ணுக்கு வெறும் எழுத்துகள். "குன்றத்தூர்" என்று ஒரு செல்லில் எழுதியிருந்தால் அதை எப்படிக் கூட்டாதோ, அப்படியே "₹ 1,12,750.00" என்பதையும் கூட்டாது. வரிசைக்கு நடுவே தலைப்பு, குறிப்பு ஏதாவது இருந்தால் அவற்றைத் தாண்டிப் போக வேண்டும் என்பதற்காகவே SUM இப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. அந்த வசதிதான் இங்கே நமக்கு வினையாகிறது.

ஆறும் எழுத்தாக இருந்து டோட்டல் பூஜ்யம் என்று வந்திருந்தால் யாருக்கும் ஆபத்தில்லை. பூஜ்யத்தைப் பார்த்ததும் எவரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். 84,750 என்பது நம்பும்படியான தொகை. "போன மாசம் ஆர்டர் கொஞ்சம் கம்மிதான்" என்று மனசு உடனே ஒரு காரணத்தையும் தயார் செய்து கொடுத்துவிடும். எனவே பாதி எண்ணாகவும் பாதி எழுத்தாகவும் இருக்கிற நெடுவரிசையைத்தான் அதிகம் பயந்து பார்க்க வேண்டும்.

இந்தத் தொகை அதோடு நிற்பதும் இல்லை. பேங்கில் சி.சி. லிமிட் வைத்திருக்கும் யூனிட்டுகள் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுப்பார்கள் இல்லையா, அதில் சரக்கு இருப்போடு வர வேண்டிய பாக்கியும் சேர்ந்துதான் எவ்வளவு எடுக்கலாம் என்பதை முடிவு செய்கிறது. பாக்கி குறைவாகப் போனால் எடுக்கக்கூடிய பணம் குறைகிறது, சம்பள நேரத்தில் கை கடிக்கிறது. அதிகமாகப் போனால் இன்னும் மோசம். இல்லாத பாக்கியைக் காட்டிக் கடன் வாங்கியதாக ஆகிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எண் என்றால் செல்லின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து என்றால் இடது ஓரத்தில். இது முதல் அடையாளம். அழகுக்காக யாராவது மொத்த நெடுவரிசையையும் நடுவில் நிறுத்தியிருந்தால் அதுவும் போயிற்று. செல்லின் மூலையில் வரும் பச்சை முக்கோணத்தை நம்பி இருப்பவர்களும் உண்டு. எண்ணாக மாற்ற முடிகிற எழுத்துக்குத்தான் அந்த எச்சரிக்கை. Rs., பின்னால் ஒட்டிய கழித்தல் குறி, மாய இடைவெளி என்று ஏதாவது சேர்ந்துவிட்டால் அது எண் என்றே எக்செல்லுக்குத் தோன்றாது. முக்கோணமும் பெரும்பாலும் வராது. நம் உதாரணத்தில் தவறிய நான்கும் இந்த வகைதான்.

நம்பகமான வழி, எண்ணிப் பார்ப்பது:

```
=COUNTA(B2:B7)
=COUNT(B2:B7)
```

முதலாவது, காலியாக இல்லாத செல்கள் எத்தனை என்று சொல்லும். இரண்டாவது, அவற்றில் உண்மையான எண்கள் எத்தனை என்று சொல்லும். இங்கே 6 என்றும் 2 என்றும் வரும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த டோட்டலைத் தொடவே தொடாதீர்கள்.

சிலர் வேறு மாதிரி சோதிப்பார்கள். `=B2+B5` என்று இரண்டு செல்லைக் கூட்டிப் பார்த்து, "கூட்டுதே, சரியாத்தான் இருக்கு" என்பார்கள். இது பெரிய ஏமாற்று. கூட்டல் குறி போட்டால் எக்செல் எழுத்தையும் எண்ணாக மாற்ற முயன்று பார்க்கும். SUM அந்த முயற்சியே எடுக்காது. நெடுவரிசை முழுக்க Text என்று ஃபார்மேட் செய்யப்பட்டிருந்தால், கூட்டல் குறியில் சரியான விடை வரும் அதே செல்களுக்கு SUM பூஜ்யம் காட்டும். அப்படி Text ஆக உட்கார்ந்துவிட்டதை, ஃபார்மேட்டை Number என்று மாற்றுவதால் மட்டும் சரிசெய்ய முடியாது. உள்ளே இருப்பது எழுத்தாகவே இருக்கும். நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, Data மெனுவில் Text to Columns போய், நேராக Finish அழுத்தினால் எக்செல் ஒவ்வொரு செல்லையும் புதிதாகப் படித்து எண்ணாக்கும். ஆனால் எக்செல்லால் எண்ணாகப் படிக்க முடிகிற எழுத்துக்குத்தான் இது பலிக்கும். Rs. ஒட்டிக்கொண்டிருந்தால் பலிக்காது.

இப்போது B7-ஐக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 22,600.00 என்றுதான் தெரிகிறது. ₹ இல்லை, Rs. இல்லை. அச்சு அசல் B5 மாதிரியே இருக்கிறது. பிறகு ஏன் எண்ணாகவில்லை? `=LEN(B7)` போட்டுப் பாருங்கள். எண்ணும் காற்புள்ளியும் புள்ளியும் சேர்த்து 9 எழுத்து இருக்க வேண்டும். 10 என்று வரும். கடைசியில் என்னவோ ஒன்று இருக்கிறது. அது என்ன என்று `=UNICODE(RIGHT(B7,1))` போட்டுக் கேட்டால் 160 என்று பதில் வரும். நாம் தட்டுகிற சாதாரண ஸ்பேஸின் எண் 32. இந்த 160 என்பது, வெப் பக்கங்களில் வரி உடையாமல் இருக்கப் போடுகிற வேறு வகை இடைவெளி. வெண்டர் போர்ட்டலிலிருந்தோ நெட் பேங்கிங் பக்கத்திலிருந்தோ காப்பி செய்தால் கூடவே தொற்றிக்கொண்டு வரும். `TRIM` போட்டால் போகாது, `CLEAN` போட்டாலும் போகாது. "டிரிம் எல்லாம் போட்டுப் பாத்துட்டேன் சார், ஒண்ணும் வேலைக்கு ஆகல" என்று கை விரிக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த 160-இல்தான். B3-இல் ₹ குறிக்கும் எண்ணுக்கும் நடுவே இருப்பதும் இதே ஆசாமிதான்.

₹ குறியிலும் ஒரு குழப்பம் உண்டு. கம்ப்யூட்டரின் ரீஜன் செட்டிங் இந்தியா என்று இருந்தால், இடைவெளி இல்லாமல் ஒட்டிய ₹500 பெரும்பாலும் எண்ணாகவே ஏறிவிடும். அமெரிக்கா என்று இருந்தால் எழுத்தாகவே நிற்கும். முதலாளியின் லேப்டாப்பில் ஒட்டினால் வரும் டோட்டல் வேறு, கணக்கு அறையில் ஒட்டினால் வரும் டோட்டல் வேறு என்று சண்டை வருவதற்கு இது ஒரு காரணம். தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வரைந்த இந்தக் குறியை 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் அதற்கு இடம் கிடைப்பதற்குள்ளேயே ஆளாளுக்கு ஒரு எழுத்துருவைப் போட்டுப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். பரவலாக ஓடிய ஒன்றில், கீபோர்டில் Tab-க்கு மேலே இருக்கும் ` குறிதான் ரூபாயாகத் தெரியும். அந்தக் காலத்து பி.டி.எஃப்.களிலிருந்து இன்றைக்குத் தொகையைக் காப்பி செய்தாலும் ரூபாய்க்குப் பதிலாக அந்த ` குறிதான் வந்து விழும். பார்த்தால் பயப்பட வேண்டாம், நீக்கிவிடலாம்.

சரி, இதெல்லாம் டோட்டல் குறைந்து போகிற ஆபத்து. இதைவிடப் பெரியது, சுத்தம் செய்யப் போகிற இடத்தில் காத்திருக்கிறது. சுத்தம் செய்வதற்கு முன் தப்பு இருந்தது என்பதாவது தெரியும். அரைகுறையாகச் சுத்தம் செய்த பிறகு அதுவும் தெரியாது.

வழக்கமாக என்ன நடக்கும் என்று பாருங்கள். Ctrl+H. Find and Replace பெட்டி திறக்கிறது. முதலில் ₹ போட்டு, Replace with காலியாக விட்டு, Replace All. போயிற்று. அடுத்து காற்புள்ளி. அடுத்து ஸ்பேஸ். நான்கு செல் இன்னும் இடது பக்கமே நிற்கின்றன. கெட்டிக்காரர் ஒருவர் அந்த மாய இடைவெளியை செல்லிலிருந்தே காப்பி செய்து பெட்டியில் ஒட்டி நீக்குகிறார். நல்லது. அடுத்து Rs என்று போட்டு Replace All. இப்போது B4-இல் `.500/-` என்று நிற்கிறது. அந்தப் புள்ளியை அவர் கவனிக்கவில்லை. `/` நீக்குகிறார். கடைசியாக `-` நீக்குகிறார். ஆறு செல்லும் படக்கென்று வலது ஓரத்துக்கு வந்து நிற்கின்றன. COUNT போட்டாலும் 6. டோட்டல் 2,28,500.50.

சரியான விடை 2,12,200 என்பது நமக்குத் தெரியும். பதினாறாயிரம் ரூபாய் எங்கிருந்து முளைத்தது?

B4-ஐப் பாருங்கள். Rs.500/- என்பதில் Rs மட்டும் போய், அதன் பின்னால் இருந்த புள்ளி தங்கிவிட்டது. அது இப்போது தசமப் புள்ளி ஆகிவிட்டது. `.500` என்றால் 0.5. ஐந்நூறு ரூபாய், ஐம்பது காசு ஆனது. தொகை Rs.500.00 என்று இருந்திருந்தால் `.500.00` என்று இரண்டு புள்ளியோடு எழுத்தாகவே நின்றிருக்கும், மாட்டிக்கொண்டிருக்கும். காசு இல்லாத முழு ரூபாயாக எழுதியதால் ஓசைப்படாமல் உள்ளே நுழைந்துவிட்டது. நம் ஊரில் கையால் எழுதுகிற பெரும்பாலான தொகைகள் இப்படித்தான் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். புள்ளியையும் சேர்த்து நீக்கிவிடலாமே என்று யாராவது யோசித்தால், தயவுசெய்து வேண்டாம். 36250.75 என்று காசோடு ஒரு தொகை இருந்தால் அது 36,25,075 ஆகிவிடும். நூறு மடங்கு.

அடுத்தது B6. கழித்தல் குறியைப் பின்னால் போடுகிற வழக்கம் சாப் மாதிரியான பெரிய கம்பெனி மென்பொருள்களின் ரிப்போர்ட்டுகளில் உண்டு. `8,400.00-` என்றால் மைனஸ் 8,400. நம் ஊர் `/-` வழக்கத்தை ஒழிக்கப் போய், உண்மையான கழித்தல் குறியும் சேர்ந்து அழிந்துவிட்டது. கழிக்க வேண்டிய டெபிட் நோட், கூட்டவேண்டிய பில் ஆகிவிட்டது. சில ரிப்போர்ட்டுகளில் கழித்தல் தொகையை அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். "குப்பை" என்று நினைத்து அடைப்புக்குறியை நீக்குகிறவர்களுக்கும் இதே கதிதான். எக்செல் `(8400)` என்பதை மைனஸ் என்று தானாகவே புரிந்துகொள்ளும். அதை விட்டுவிடுவதுதான் நல்லது.

டோட்டலின் கடைசியில் தொங்குகிற அந்த 50 காசு ஒரு தடயம். பில்கள் எல்லாம் முழு ரூபாயில் இருக்க, ஐம்பது காசு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் B4 மாட்டியிருக்கும். ஆனால் தசமம் காட்டாத ஃபார்மேட்டில் அதுவே 2,28,501 என்று உருண்டு தெரியும். தடயமும் போய்விடும்.

பேரேட்டில் கையால் கணக்கு எழுதிய பழைய ஆட்களுக்கு B6-ஐப் பிடிக்க ஒரு குறுக்கு வழி தெரியும். வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பார், அந்தத் தொகை கணக்கில் எங்காவது இருக்கிறதா என்று தேடு என்பார்கள். B4-ஐச் சரிசெய்த பின் மிஞ்சும் வித்தியாசம் 16,800. பாதி 8,400. அதோ நிற்கிறது. கழிக்க வேண்டியதைக் கூட்டினால் வித்தியாசம் எப்போதும் இரட்டிப்பாகத்தான் வரும், அதனால்தான் இந்த வழி பலிக்கிறது. எக்செல் வந்த பிறகும் இது பழசாகிவிடவில்லை.

இன்னொரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். Ctrl+H அடிக்கும்போது ஒரே ஒரு செல் மட்டும் தேர்வாகி இருந்தால் Replace All ஷீட் முழுவதிலும் பாயும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமும் பார்க்காது. Rs-ஐ நீக்கச் சொன்னால் பார்ட்டி பெயரில் இருக்கும் Traders என்பது Trade ஆகும், Motors என்பது Moto ஆகும். கழித்தல் குறியை நீக்கினால் பில் நம்பரில் இருக்கும் 24-25 என்ற வருஷம் 2425 ஆகிவிடும். பிறகு அந்த நம்பரை வைத்து ஜி.எஸ்.டி. பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் ஒன்றுகூடப் பொருந்தாது. உடனே கண்ணில் பட்டால் Ctrl+Z காப்பாற்றும். ஃபைலை மூடிவிட்ட பிறகு பட்டால் யாரும் காப்பாற்ற முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், வந்த நெடுவரிசையில் கை வைக்காதீர்கள். B அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் C-இல் சூத்திரம் போட்டுச் சுத்தம் செய்யுங்கள்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(
 SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(UPPER(B2),
 UNICHAR(160),"")," ",""),"/-",""),
 "RS.",""),"RS",""),"₹",""),",","")
```

நீளமாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். ஒரே வேலையை ஏழு தடவை செய்கிறது, அவ்வளவுதான். உள்ளிருந்து வெளியே படிக்க வேண்டும். இதில் முக்கியம் வரிசை. SUBSTITUTE பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்கும் என்பதால் முதலில் UPPER எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்குகிறது. பிறகு மாய இடைவெளியும் சாதாரண இடைவெளியும் போகின்றன. "Rs .500" என்று யாராவது நடுவே ஒரு ஸ்பேஸ் விட்டிருந்தாலும் அது ஒட்டிக்கொண்டுவிடும். அடுத்து `/-` இரண்டும் ஜோடியாகவே போகின்றன, தனியாக நிற்கும் கழித்தல் குறி தப்பித்துக்கொள்கிறது. அதற்கப்புறம் புள்ளியோடு சேர்த்து RS., அதன் பின்னரே புள்ளி இல்லாத RS. இந்த இரண்டை மாற்றிப் போட்டால் ஐந்நூறு மறுபடியும் ஐம்பது காசுதான்.

C-இல் இருப்பது இன்னும் எழுத்துதான். D-இல் அதை எண்ணாக்க வேண்டும், பின்னால் ஒட்டிய கழித்தலை முன்னால் கொண்டுவர வேண்டும்:

```
=IF(RIGHT(C2,1)="-",
 -VALUE(LEFT(C2,LEN(C2)-1)),VALUE(C2))
```

இரண்டையும் ஏழாம் வரிவரை இழுத்துவிட்டு `=SUM(D2:D7)` போட்டால் 2,12,200.

இந்தச் சூத்திரம் எதிர்பார்க்காத ஏதாவது ஒன்று வந்தால் D-இல் `#VALUE!` என்று விழும், டோட்டலும் `#VALUE!` ஆகும். பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் நமக்கு வேண்டியது அதுவே. SUM எழுத்தைத் தாண்டிப் போகுமே தவிரப் பிழையைத் தாண்டாது. இந்த இடத்தில்தான் சில நண்பர்கள் உதவுகிறேன் என்று வந்து, "அதுக்கு ஒரு IFERROR போட்டு பூஜ்யம்னு வச்சிடுங்க, ஷீட் க்ளீனா இருக்கும்" என்பார்கள். தீயணைப்பு மணி சத்தம் போடுகிறதே என்று அதன் வயரை அறுத்துவிடுகிற வேலை அது. `IFERROR(...,0)` போட்ட நெடுவரிசையில் COUNT சரியாக 6 காட்டும், பிழை எதுவும் தெரியாது, ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பூஜ்யமாக உட்கார்ந்திருக்கும். பவர் குவெரி பயன்படுத்துகிறவர்களும் கவனிக்க வேண்டும். அதில் எண்ணாக மாற்ற முடியாத செல்கள் ஷீட்டுக்கு வரும்போது காலியாக வந்துவிடும், எத்தனை பிழை என்பது ஓரத்தில் சின்னதாக மட்டும் தெரியும்.

சூத்திரம் பிழையே காட்டாமல் தப்பான விடை தருகிற இடமும் ஒன்று இருக்கிறது. ஐரோப்பியக் கம்பெனிகளோடு வேலை செய்கிற யூனிட்டுகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஜெர்மன்காரர்களுக்குப் புள்ளிதான் ஆயிரத்தைப் பிரிக்கும், காற்புள்ளிதான் தசமம். அவர்கள் எழுதும் `1.250,00` என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. நம் சூத்திரம் காற்புள்ளியை நீக்கி `1.25000` ஆக்கும். ஒன்றே கால்! COUNT சரியாக இருக்கும், பிழையும் வராது. அந்த மாதிரி ஸ்டேட்மென்ட்டுக்கு இந்தச் சூத்திரமே வேண்டாம். எது தசமம், எது ஆயிரம் என்று நாமே சொல்லிவிடலாம்:

```
=NUMBERVALUE(B2,",",".")
```

டேலியிலிருந்து எக்செல்லுக்கு எடுக்கிறவர்களுக்கு இதற்கு நேர் எதிரான பொறி. அங்கே தொகையின் பக்கத்தில் Dr, Cr என்று தெரியும். நீக்கலாம் என்று தேடினால் "அப்படி எதுவுமே இல்லை" என்று எக்செல் சொல்லும். காரணம், அந்த எழுத்துகள் செல்லுக்குள் இல்லை. ஃபார்மேட்டில் மட்டும்தான் இருக்கின்றன. உள்ளே இருப்பது சுத்தமான எண். அதனால் SUM தாராளமாகக் கூட்டும், பற்றையும் வரவையும் சேர்த்தே கூட்டும்! இதை எந்த SUBSTITUTE-ஆலும் சரிசெய்ய முடியாது. டெபிட்டும் கிரெடிட்டும் தனித்தனி நெடுவரிசையாக வருகிற ரிப்போர்ட்டை எடுப்பதே வழி. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வரும் Dr, Cr பெரும்பாலும் உண்மையான எழுத்துகள்தான். அவற்றை அழிப்பதற்கு முன்னால் `=RIGHT(C2,2)` போட்டு வேறு நெடுவரிசையில் எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் கூட்டலா கழித்தலா என்று போட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, டோட்டல் சரிதானா என்பதை ஷீட்டுக்கு வெளியே இருக்கிற ஏதோ ஒன்றை வைத்துத்தான் ஒத்துப் பார்க்க முடியும். பேங்க் ஸ்டேட்மென்ட் என்றால் வழி ஸ்டேட்மென்ட்டிலேயே இருக்கிறது. ஆரம்ப இருப்போடு வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்தால் முடிவு இருப்பு காசு பிசகாமல் வர வேண்டும். பார்ட்டி லெட்ஜர் என்றால் அவர்கள் கடைசி வரியில் போட்டிருக்கும் பாக்கியோடு ஒப்பிடுங்கள். அதுவும் இல்லாமல் நாலு வரி மெயில்தான் வந்திருக்கிறது என்றால், "சார், உங்க பக்கம் மொத்தம் எவ்வளவு காட்டுது?" என்று ஒரு போன் போடுவதில் தப்பே இல்லை. வரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் D-ஐ வேறு ஷீட்டில் மதிப்பாக மட்டும் ஒட்டி, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிப் பாருங்கள். கழித்தல் தொகைகள் மேலே வந்து நிற்கும். வர வேண்டிய டெபிட் நோட் அங்கே இல்லாவிட்டால் குறி அழிந்திருக்கிறது. அதற்குக் கீழே 0.5, 0.125 என்று ஒரு ரூபாய்க்கும் குறைந்த தொகைகள் தலைகாட்டினால் Rs. புள்ளியின் வேலை. அடியில் நம்ப முடியாத அளவுக்குப் பெரிய தொகை கிடந்தால், யாரோ தசமப் புள்ளியை நீக்கியிருக்கிறார்கள்.

எல்லாம் ஒத்துப் போன பிறகு ₹ குறியும் காற்புள்ளியும் அழகாகத் தெரிய வேண்டும் என்றால் D-க்கு Format Cells போய் ஃபார்மேட்டாகக் கொடுங்கள். கையால் தட்ட வேண்டாம். நம் ஷீட்டை அப்படியே காப்பி செய்து ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் ஒட்டப் போகிற அடுத்த ஆளும் ஏதோ ஒரு கணக்கு அறையில்தான் உட்கார்ந்திருப்பார்.